யாரையும் குறை சொல்லவில்லை, ஆனால்...

கூடுவாஞ்சேரியில் தொடங்கி பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், மறைமலை நகர் வரை ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு பிரசங்கம் நடக்கிறது. கோயிலிலோ சர்ச்சிலோ அல்ல. ஏசி போட்ட மீட்டிங் ஹாலில். போன மாதம் டார்கெட் விழவில்லை. பிரசங்கியார் எழுந்து நிற்கிறார். முதல் வாக்கியம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: “நான் யாரையும் குறை சொல்ல வரலை.” இந்த வாக்கியம் காதில் விழுந்த கணத்தில் அனுபவசாலிகள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். அடுத்த ஒன்றரை மணி நேரத்துக்குக் குறை சொல்லப் போகிறார் என்பதற்கான முறையான அறிவிப்பு அது.

பிறகு ஸ்கிரீனில் ஒரு பட்டியல் வரும். பெயர்கள், எதிரே எண்கள், மேலே பச்சை, கீழே சிவப்பு. “இது யாரையும் ஷேம் பண்றதுக்கு இல்லை, ஜஸ்ட் ஒரு டேட்டா” என்பார். டேட்டாவில் கடைசியாக இருப்பவன் தரையைப் பார்ப்பான். கடைசிக்கு முந்தினவன் கடவுளுக்கு நன்றி சொல்வான். அதன்பின் ஓடும் குதிரைகள், பனிமலை ஏறுகிறவன், வலை பின்னும் சிலந்தி. முடிவில் தவறாமல் கலாம். எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, பக்கத்தில் இருப்பவர் தோளைத் தட்டி “நம்மால முடியும்” என்று சொல்லச் சொல்வார்கள். சமோசா வரும். வெளியே வந்து பொத்தேரி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் நின்றால் தெரியும், உள்ளே கைதட்டிய பத்துப் பேரில் எட்டுப் பேர் செல்போனில் வேறு வேலை தேடிக்கொண்டிருப்பார்கள்.

இந்தச் சடங்கில் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது கலாம் பகுதிதான். அவரைப் பிடிக்காததால் அல்ல. பாதிக் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்களே என்பதால்.

அந்தப் பாதிக் கதை எல்லோருக்கும் தெரியும். 1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் வங்காள விரிகுடாவில் விழுந்தது. திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் கலாம். ஆனால் பத்திரிகையாளர் முன்னால் போய் உட்கார்ந்தவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். தோல்வியைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டார், அடுத்த ஆண்டு என் ஆட்கள் ஜெயித்துக் காட்டுவார்கள் என்றார். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்றைக்குத் தவான் ஒதுங்கிக்கொண்டு, பேட்டி கொடுக்கும்படி கலாமை அனுப்பி வைத்தார். தலைவன் என்றால் இப்படி இருக்க வேண்டும், கைதட்டுங்கள். தட்டுகிறார்கள். சொன்னவர் போன வாரம்தான் தன் மேலதிகாரிக்கு “டீம் சரியாக ஒத்துழைக்கவில்லை” என்று மெயில் போட்டிருப்பார்.

விட்டுப்போன மற்றப் பாதிக்கு வருவோம். ராக்கெட் கடலில் விழுந்த மறுநாளே எழுபதுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கூடி உட்கார்ந்தார்கள். தோளைத் தட்டிக்கொள்வதற்காக அல்ல. விழுந்தது ஏன் என்று ஒவ்வொரு நொடியாகப் பிரித்துப் பார்ப்பதற்காக. கிடைத்த விடை ரொம்பச் சின்னது. இரண்டாம் கட்டத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பில் ஒரு சொலினாய்டு வால்வு. அதில் தூசி போன்ற ஏதோ அடைத்துக்கொண்டதால், கிளம்புவதற்குச் சில நிமிடங்கள் முன்பே திறந்தபடி நின்றுவிட்டது. நைட்ரிக் அமிலம் ஒழுகித் தீர்ந்தது. இரண்டாம் கட்டம் எரியத் தொடங்கியபோது ராக்கெட்டைத் திருப்பிப் பிடிக்க வேண்டிய விசை கையில் இல்லை. பத்து வருஷ உழைப்பு, தூசியில் அடைபட்ட ஒரு வால்வில் போய் நின்றது.

அதோடும் முடியவில்லை. கடைசி நிமிடங்களில் கணினி ஏவுதலை நிறுத்தி வைத்தது என்று கலாமே பின்னாளில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் இருந்த வல்லுநர்கள் கணக்குப் போட்டு, இருப்பு போதும், கவலை வேண்டாம் என்றார்கள். அவர் கணினியின் தடையை ஒதுக்கிவிட்டு ஏவச் சொன்னார். “நான் நிறுத்தியிருக்க வேண்டும்” என்று ஒப்புக்கொள்ள அவர் தயங்கவில்லை. யோசித்துப் பாருங்கள். தவான் வெளியே ஊருக்கு முன்னால் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் உள்ளே ஒரு வால்வையும் விட்டுவைக்கவில்லை. யாரையும் குறை சொல்லாதே என்பதற்கு எதையும் கேட்காதே என்று அங்கே பொருள் கிடையாது. ஆளைக் காப்பாற்றினால்தான் ஆள் வாயைத் திறப்பான், வாயைத் திறந்தால்தான் வால்வு கண்ணில் படும், அவ்வளவுதான் சூத்திரம். நம்முடைய மீட்டிங் ஹாலில் நடப்பது இதைத் தலைகீழாகப் பிடித்தது. உள்ளே ஆளை உரிக்கிறார்கள், வெளியே வால்வைப் பாதுகாக்கிறார்கள்.

இன்னொரு ராக்கெட்டையும் சொல்லிவிட வேண்டும், இது அதைவிடப் பொருத்தம். 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ராக்கெட்டின் முதல் பயணம். 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டிய செயற்கைக்கோள்கள், ஒரு பக்கம் 76 கிலோமீட்டர் வரை தாழ்ந்துபோன நீள்வட்டத்தில் விடப்பட்டன. அந்தத் தாழ்வில் காற்று இருக்கிறது, எதுவும் தங்காது. போயிற்று. அரசுப் பள்ளி மாணவிகள் 750 பேர் கை வைத்துச் செய்த ‘ஆசாதிசாட்’டும் அதோடு போயிற்று. காரணம் என்னவென்று இஸ்ரோ வெளியிட்டது. இரண்டாம் கட்டம் பிரியும்போது கொஞ்ச நேரம் அதிர்வு அதிகமாக இருந்தது. முடுக்கத்தை அளக்கும் சென்சார்கள் அந்த அதிர்வை அப்படியே பதிவு செய்தன. பிழை கண்டுபிடிக்கும் மென்பொருள் அதைப் பார்த்துவிட்டு, சென்சார்கள் கெட்டுவிட்டன என்று தீர்ப்பு எழுதி ஒதுக்கி வைத்தது. சென்சார்கள் கெடவே இல்லை. நடந்ததைத்தான் சொன்னன. நல்ல சென்சார்களைக் குற்றவாளியாக்கிவிட்டு, அவை சொல்வதைக் காதில் வாங்காமல் பறந்ததால் ராக்கெட் தொலைந்தது.

ஒரு மென்பொருள் நம் ஊர் மேனேஜர் போலவே நடந்துகொண்டது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் அதைத் திருத்தினார்கள். சென்சாருக்கு மோட்டிவேஷன் வகுப்பு எடுக்கவில்லை. அதிர்வு குறையும்படி பிரிக்கும் அமைப்பை மாற்றினார்கள். ஒரு சென்சாரைக் கெட்டது என்று முடிவு கட்டுவதற்கான விதியை நிதானமாக்கினார்கள். எல்லாம் கைவிட்டாலும் வழி தெரிய நாவிக் தகவலைத் துணைக்கு வைத்தார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாம் பயணம் சரியாகப் போய்ச் சேர்ந்தது. மாணவிகளின் இரண்டாவது ஆசாதிசாட்டும் அதிலே போனது. ஆறு மாதம், மூன்று மாற்றம், பனிமலைப் படம் ஒன்றும் இல்லை.

இனி விண்வெளியிலிருந்து மறைமலை நகருக்கு இறங்கலாம். பெயர் வேண்டாத ஒரு பிரஸ் ஷாப். தகட்டை அச்சில் வைத்து அடித்து, கார் கம்பெனிகளுக்கு பிராக்கெட் செய்து கொடுக்கிற இடம். அங்கே சூப்பர்வைசராக இருக்கும் இளைஞர் பொத்தேரியில் நான்கு பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார். அவர் கொண்டுவந்து காட்டிய ஒரு வாரத்துக் கணக்கு இது. இதில் ராக்கெட் எதுவும் இல்லை. ஆனால் வால்வு இருக்கிறது.

ஒரு பிரஸ், ஒரு நாளைக்கு இரண்டு ஷிப்ட். மதியம் 1 மணியிலிருந்து இரவு 9 வரை ஒன்று, 9 முதல் விடியற்காலை 5 வரை நைட். காலை நேரம் பராமரிப்புக்கும் சாம்பிளுக்கும். சாப்பாட்டு நேரம் போக ஏழரை மணி நேரம், மணிக்கு 400 பீஸ் என்ற கணக்கில் ஷிப்டுக்கு 3,000. ஆறு நாளைக்கு 36,000. வந்தது 30,600. 5,400 குறைவு. வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து சிவப்பு எழுத்தில் மெயில் வந்தது, பிளான்ட் ஹெட் கூட்டம் போட்டார், பொத்தேரிப் பக்கத்தில் ஹால் பிடித்து ஒரு பேச்சாளரையும் கூப்பிட்டார். ஸ்கிரீனில் பட்டியல். மதிய ஷிப்ட் சராசரி 2,950, பச்சை. நைட் ஷிப்ட் 2,150, ரத்தச் சிவப்பு. “யாரையும் குறை சொல்லலை. ஆனா நைட்ல ஓனர்ஷிப் இல்லை.” ஆதாரமாக சிசிடிவியில் எடுத்த ஒரு படமும் வந்தது. இரவு பத்தரை மணி, பிரஸ் நிற்கிறது, நான்கு பேர் டிரம் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் சிரிக்கக்கூடச் செய்கிறார். சம்பளம் வாங்கிக்கொண்டு சிரிப்பதா! ஹால் முழுக்க உச்சுக் கொட்டியது.

அந்த நான்கு பேரில் ஒருவர், இருபது வருஷமாக டை செட் பண்ணுகிற மனிதர், பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. கூட்டம் முடிந்து வரும்போது சூப்பர்வைசர் கேட்டார், “அண்ணே, ஏன் உக்காந்திருந்தீங்க?” அவர் சொன்னார்: “ஃபர்ஸ்ட் பீஸ் அப்ரூவலுக்கு, தம்பி. வேற எதுக்கு?”

இதுதான் வால்வு. பிரஸ்ஸில் ஒரு டையைக் கழற்றி வேறு டை மாட்டினால், அடித்து வருகிற முதல் பீஸை குவாலிட்டி இன்ஸ்பெக்டர் அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போடாமல் ஓட்டக் கூடாது. நல்ல விதி. ஓட்டை ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் விடிவதற்குள் அடித்த பீஸ் எல்லாம் குப்பை. தினம் ஒரு டை மாற்றம் உண்டு, அதை நைட் ஷிப்டின் தொடக்கத்தில் வைத்திருக்கிறார்கள். ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பது நாற்பதுக்கு டை மாட்டி முடிகிறது. மதிய ஷிப்டில் இன்ஸ்பெக்டர் இரண்டு பேர். நைட்டில் இரண்டு ஷெட்டுக்கும் சேர்த்து ஒரே ஒருவர், அவரும் அதே நேரத்தில் எதிர் ஷெட்டில் வெல்டிங் ஜிக் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். இங்கே வந்து சேரும்போது மணி பதினொன்று ஐந்து. எண்பத்தைந்து நிமிடம் பிரஸ் சும்மா நிற்கிறது. அந்த நான்கு பேரும் டிரம் மேல் உட்காராமல் தலைகீழாக நின்றிருந்தாலும் ஒரு பீஸ் கூட வந்திருக்காது.

இப்போது கணக்கை விரித்துப் பாருங்கள். காத்திருந்த 85 நிமிடம் என்றால் சுமார் 570 பீஸ், ஆறு இரவுக்கு 3,400. டை மாற்றவே ஆகிற 40 நிமிடம் என்றால் சுமார் 270 பீஸ், ஆறு இரவுக்கு 1,600. இரண்டும் சேர்ந்து 5,000. நைட் ஷிப்டில் விழுந்த ஓட்டையே 5,100தான். மிச்சம் ஒரு நூறு. அந்த நான்கு பேருடைய சோம்பேறித்தனம் என்று ஹாலில் உச்சுக் கொட்டப்பட்டது, ஆறு இரவுக்குச் சேர்த்து, இந்த நூறு பீஸ்.

அந்த 1,600 இருக்கிறதே, அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தினம் டை மாறும் என்று தெரிந்தும் ஷிப்டுக்கு 3,000 என்று டார்கெட் போட்டவர் யார்? டை மாறும் ஷிப்டில் 2,730க்கு மேல் வரவே வராது. அதாவது 36,000 என்ற எண் பிறக்கும்போதே பொய். அதைத் தவறவிடவும் முடியாது, பிடிக்கவும் முடியாது. இல்லாத எண்ணைத் துரத்தியதற்காக நான்கு பேர் படம் ஸ்கிரீனில் ஓடியது. டார்கெட் போட்ட கைக்கு யார் சிசிடிவி வைத்தார்கள்? டை மாற்றம் ஏன் நைட்டில் இருக்கிறது என்பதற்கும் விடை உண்டு. மதிய ஷிப்டில் வைத்தால் மதிய எண் குறையும். மதிய எண்ணைத்தான் விசிட் வருகிற வாடிக்கையாளர் போர்டில் பார்ப்பார். ஆகவே அழுக்கைக் கூட்டி இருட்டில் தள்ளியிருக்கிறார்கள், பிறகு இருட்டில் அழுக்காக இருக்கிறதே என்று மூக்கைப் பிடிக்கிறார்கள்.

இதை யாரையும் குறை சொல்லாமல் பேசலாமா என்றால், தாராளமாகப் பேசலாம். கேள்வியை மாற்றினால் போதும். “ஏன் செய்யலை?” என்று கேட்டால் மனிதன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஆரம்பிப்பான், அது அவன் உரிமை. “கடைசியா பிரஸ் அடிச்சது எத்தனை மணிக்கு, மறுபடி அடிச்சது எத்தனை மணிக்கு, நடுவுல எதுக்காகக் காத்திருந்தீங்க?” என்று கேட்டால் அவனே வால்வைத் தொட்டுக் காட்டுவான். இந்தத் தப்பு முதலில் யாருக்குத் தெரிந்தது, அவர் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்பது அடுத்த கேள்வி. டை செட் பண்ணுகிறவருக்கு முதல் நாளே தெரியும். சொல்லவில்லை, ஏனென்றால் போன வருஷம் சொன்னவரை “சாக்கு சொல்றார்” என்று அதே ஹாலில் சிரித்திருக்கிறார்கள். அன்றைக்குச் சிரித்ததன் விலையைத்தான் இப்போது வாரா வாரம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உற்சாகப் பேச்சால் என்ன வரும் என்பதற்கும் அதே பிரஸ்ஸில் சரித்திரம் உண்டு. முன்பு ஒரு தடவை இப்படி ஏற்றிவிட்டு அனுப்பினார்கள். அன்றிரவு செட் செய்தவர் ரத்தம் சூடாகி, இன்ஸ்பெக்டருக்குக் காத்திருக்காமல் ஓட்டிவிட்டார். காலையில் எண் பிரமாதம், வாட்ஸ்அப் குரூப்பில் கை கூப்பும் பொம்மைகள். ரெண்டு நாள் கழித்து வாடிக்கையாளர் கம்பெனியில் ஓட்டை தள்ளி விழுந்த பீஸ்களைத் தரம் பிரிக்கக் கூலிக்கு ஆள் வைத்து, பில்லை இங்கே அனுப்பினார்கள். அந்த ஷிப்டில் கைதட்டு வாங்கியவருக்கே மெமோவும் கொடுத்தார்கள். வழியை அடைத்து வைத்துவிட்டு வேகமாகப் போ என்றால் ஆள் வேலி தாண்டித்தான் போவான். அப்புறம் வேலி தாண்டினான் என்று புகார்.

அந்த இளைஞர் எழுதிக்கொண்டு போன மாற்றம் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. எனக்குப் பிடித்தது, அதில் ‘முயற்சி’ என்ற சொல்லே இல்லை. டை மாற்றத்தை ஒன்பது மணியிலிருந்து எட்டு மணிக்குக் கொண்டுவருவது, அதாவது மதிய ஷிப்டின் கடைசி மணியில் வைப்பது. அப்போது இன்ஸ்பெக்டர் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவர் எதிர் ஷெட்டுக்குப் போனாலும் இன்னொருவர் கையெழுத்துப் போட்டுவிடலாம். ஏழே முக்காலுக்குள் ஃபோர்க்லிஃப்ட்காரர் அடுத்த டையைக் கொண்டுவந்து பிரஸ் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும், அதற்குப் பொறுப்பு மதிய சூப்பர்வைசர். வியாழக்கிழமையிலிருந்து ஆரம்பம். மதிய டார்கெட் 2,730, நைட் டார்கெட் 3,000. வாரத்துக்கு 34,380 என்பது தலைகீழாக நின்றாலும் தாண்ட முடியாத உச்சம், 34,000 வந்தால் நல்ல வாரம். ஆகையால் வாடிக்கையாளருக்கு 36,000 என்று கொடுத்த வாக்கைத் திருத்த வேண்டும். இதைச் செய்ய வேண்டியவர் பிளான்ட் ஹெட், நாள் செவ்வாய். பட்டியலின் முதல் வரியில் அவர் பெயரைத்தான் எழுதியிருந்தார் அந்தப் பிள்ளை. எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது.

விழுந்துபோன 5,400ஐ என்ன செய்வது என்பதில்தான் பெரும்பாலும் எல்லோரும் சறுக்குகிறார்கள். போன வாரம் விட்டதை இந்த வாரத்தின் தலையில் ஏற்றி, 41,400 என்று போர்டில் எழுதிவிடுவார்கள். 34,380க்கு மேல் போகாத இயந்திரத்தின் முன்னால் இதை எழுதுகிறவருக்குக் கணக்கு தெரியாது, அல்லது மனிதர்கள் தெரியாது. திங்கட்கிழமை காலையிலேயே தோற்றுப்போன வாரத்துக்கு எவன் ஓடுவான்? கடனைத் தனியாக வைக்க வேண்டும். டை மாற்றம் இல்லாமல் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, நாளுக்கு ஒரு ஷிப்ட், தலா 3,000. கடன் தீர்ந்தது. அதற்கு ஓவர்டைம் இரட்டைச் சம்பளம், சட்டம் சொல்வது அது, பதில் விடுப்பும் உண்டு. டார்கெட்டைத் தப்பாகப் போட்டதற்கான அபராதம் டார்கெட் போட்டவர் பையிலிருந்து போக வேண்டும், நைட் ஷிப்ட்காரரின் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இலவசமாக அல்ல.

பலிக்கிறதா என்று பார்க்க மாதக் கடைசி வரை காத்திருக்கவும் தேவையில்லை. பிரஸ்ஸின் கவுன்டரைப் பார்த்து, டை கழற்றியதற்கும் முதல் நல்ல பீஸுக்கும் நடுவே எத்தனை நிமிடம் என்று தினம் ஒரு எண் எழுதினால் போதும். 125 என்று இருந்தது 50க்கு வந்தால் பீஸ் தானாக வரும். வராவிட்டால் இன்னொரு வால்வு இருக்கிறது, தேட வேண்டியதுதான். அதைவிட நல்ல அடையாளம் ஒன்று உண்டு. கெட்ட செய்தி யார் வாயிலிருந்து, எப்போது வருகிறது என்று பாருங்கள். செவ்வாய்க்கிழமையே ஒருவர் தானாக வந்து “சார், இந்த வாரம் ஆயிரம் குறையும், பஞ்ச் மழுங்கிடுச்சு” என்றால் அந்த இடம் தேறிவிடும். இருபத்தெட்டாம் தேதி வரை எல்லாம் பச்சையாக இருந்து முப்பதாம் தேதி சிவப்பானால், அங்கே எல்லோரும் பயத்தில் பொய் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். குறை சொல்லாமை என்பது வேண்டுமென்றே பொய்க் கணக்கு எழுதுகிறவனுக்குப் பூமாலை போடுவதும் அல்ல, அதற்கு வேறு விசாரணை உண்டு. ஆனால் பத்துப் பேரும் பொய் எழுதுகிற இடத்தில் பத்துப் பேரையும் விசாரிப்பதைவிட, உண்மை எழுதினவனுக்குப் போன முறை என்ன நடந்தது என்று விசாரிப்பது சிக்கனம்.

இந்தச் சாலையில் ரொம்ப கண்ணியமாக, ஒருவரையும் குறை சொல்லாமல் முடித்து வைக்கப்பட்ட தவறிய டார்கெட் ஒன்றும் இருக்கிறது. மறைமலை நகர் ஃபோர்டு. 1990களில் வந்தார்கள், இங்கேயே ஐகான், இக்கோஸ்போர்ட் எல்லாம் செய்து நாட்டுக்குள்ளும் வெளிநாட்டுக்கும் அனுப்பினார்கள். 2021 செப்டம்பர் 9 அன்று ஓர் அறிவிப்பு வந்தது. பத்து ஆண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், ஆகவே இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துகிறோம் என்றார்கள். 2022இல் ஆலை ஓய்ந்தது. அந்த அறிவிப்பில் எந்தத் தொழிலாளியையும் குறை சொல்லவில்லை, பெருந்தன்மை. எத்தனை கார் விற்கும் என்று கணக்குப் போட்டவர்களையும் குறை சொல்லவில்லை, அது இன்னும் பெருந்தன்மை. யாரும் தப்பு செய்யவில்லை, ஆனாலும் ஆயிரக்கணக்கான பேர் வீட்டுக்குப் போனார்கள், கணக்குத் தீர்க்கும் தொகைக்காக வாசலில் உட்கார்ந்து போராடியும் பார்த்தார்கள். எந்த காரை எந்த விலைக்கு எப்போது இறக்குவது என்று முடிவெடுத்த அறையில் அவர்களில் ஒருவருக்கும் நாற்காலி கிடையாது. போல்ட் முடுக்கியதில் குறையில்லை, முடுக்கியவருக்கு மட்டும் வேலையில்லை. மேலே இருப்பவர்களுக்குப் ‘பழி சொல்லாத பண்பாடு’ ஏற்கெனவே முழுமையாக அமலில் இருக்கிறது. கீழே வரும் வழியில்தான் எங்கோ அடைத்துக்கொள்கிறது.

பிரஸ் ஷாப் இளைஞருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு போனார். பிளான்ட் ஹெட் படித்தார். முதல் வரியில் தன் பெயரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு முகம் மலர்ந்து, “சூப்பர்ப்பா. இந்த மாதிரி இனிஷியேட்டிவ்தான் வேணும்” என்றார். அடுத்த கூட்டத்தில் அந்தப் பக்கம் ஸ்கிரீனில் வந்தது, நம்மிடையே ஒரு சிந்தனையாளர் என்ற தலைப்போடு. முதல் வரியும் டார்கெட் திருத்தமும் இடப் பற்றாக்குறையால் எடுக்கப்பட்டிருந்தன. மேடைக்குக் கூப்பிட்டு, ‘ஸ்டார் ஆஃப் தி மன்த்’ என்று அச்சடித்த காபி மக் கொடுத்தார்கள். டை மாற்றத்தை எட்டு மணிக்குக் கொண்டுவருவது பற்றி மதிய ஷிப்டோடு கலந்து பேசி ஒரு கமிட்டி போடலாம் என்று முடிவானது. போர்டில் 41,400 எழுதினார்கள்.

அந்த வாரம் நைட் ஷிப்ட் சராசரி 2,160. முன்னதைவிடப் பத்து பீஸ் அதிகம். பேச்சாளரின் பில்லைப் பாஸ் பண்ணும்போது ஹெச்.ஆர். அந்தப் பத்து பீஸைத்தான் குறிப்பில் எழுதினார்: “செஷனுக்குப் பின் நல்ல முன்னேற்றம் தெரிகிறது, அடுத்த மாதமும் கூப்பிடலாம்.”